பிரீமியம் பில்லின் கடைசி வரிகள்

புதுச்சேரி நேரு வீதியில் அடுத்தடுத்து இரண்டு ஆயத்த ஆடைக் கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு சரக்கு. தீ, புயல், வெள்ளம், திருட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து, இரண்டு முதலாளிகளும் ஒரே முகவரிடம் ஒரே மாதிரி பாலிசி எடுக்கிறார்கள். பிரீமியம் 24,000 ரூபாய். அதன் மேல் 18% ஜிஎஸ்டி 4,320 ரூபாய். ஆக, இருவரும் கட்டியது 28,320 ரூபாய். ஆனால், ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஒரு கடைக்கு அந்தக் காப்பீட்டின் உண்மையான விலை 24,000 ரூபாய். அடுத்த கடைக்கு 28,320 ரூபாய். பாதுகாப்பில் எந்த வித்தியாசமும் இல்லை. பில்லின் அடியில் உள்ள வரி வரிகளை யார் எப்படிக் கையாண்டார், யாரைச் சட்டம் எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறது என்பதில்தான் அந்த 4,320 ரூபாய் இருக்கிறது.

நம் ஊர்க் கடைக்காரர்களில் பெரும்பாலோர் பிரீமியம் பில்லில் இரண்டே இடங்களைப் பார்க்கிறார்கள்: மொத்தத் தொகை, பாலிசி முடியும் தேதி. இடையில் இருப்பவை முகவருக்கும் ஆடிட்டருக்கும் உரியவை என்ற எண்ணம். இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இந்தியாவில் சேவை வரி 1994 ஜூலை 1 அன்று அறிமுகமானபோது முதலில் வரி விதிக்கப்பட்ட சேவைகள் மூன்றுதான்: தொலைபேசி, பங்குத் தரகு, பொதுக் காப்பீடு. அன்று 5% இருந்த வரி, 2017 ஜூன் வரை படிப்படியாக 15% ஆனது. அந்த 23 ஆண்டுகளில், சரக்கை வாங்கி விற்கும் ஒரு வியாபாரி பிரீமியத்தில் கட்டிய சேவை வரியை எங்கும் கழித்துக்கொள்ள முடியவில்லை. அவர் வாடிக்கையாளரிடம் வசூலித்தது விற்பனை வரி, பின்னாளில் வாட் வரி; அது மாநிலத்துக்கு உரியது. சேவை வரியோ மத்திய அரசுக்கு உரியது. இரண்டுக்கும் இடையே பாலம் இல்லை. எனவே, பில் தொகை முழுவதையும் ‘இன்சூரன்ஸ் செலவு’ என்று பேரேட்டில் எழுதுவதே சரியாக இருந்தது.

2017 ஜூலை 1 முதல் நிலைமை மாறிவிட்டது. பிரீமியத்தின் மீதான வரியும், துணி விற்பனையின் மீதான வரியும் ஒரே ஜிஎஸ்டிக்குள் வந்துவிட்டன. முறையான பதிவு பெற்ற கடைக்காரர், கடைக்கான பாலிசியில் கட்டிய வரியை, தான் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். உள்ளீட்டு வரி வரவு என்று சட்டத் தமிழில் சொல்வதை, கடைத்தெருவில் ‘இன்புட்’ என்கிறார்கள். சரக்குக் கொள்முதல் பில்லில் இன்புட் எடுக்க ஒருவரும் மறப்பதில்லை. பிரீமியம் பில்லில் மட்டும் பழைய பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வீதி ஒன்று, எண் இரண்டு

பில்லில் வரி எப்படி அச்சாகிறது என்பது புதுச்சேரியில் கொஞ்சம் சிக்கலான விஷயம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. காப்பீட்டு நிறுவனத்தின் புதுச்சேரி கிளை, தன் 34 எண்ணில், 34 எண் உள்ள கடைக்குப் பில் போட்டால் வரி இரண்டாகப் பிரியும்: மத்திய ஜிஎஸ்டி 9%, மாநில ஜிஎஸ்டி 9%. நம் உதாரணத்தில் 2,160 ரூபாய் வீதம் இரண்டு வரிகள். சண்டிகர், அந்தமான் போன்ற ஒன்றியப் பிரதேசங்களில் இரண்டாவது வரி ஒன்றியப் பிரதேச ஜிஎஸ்டி. புதுச்சேரிக்குச் சொந்தச் சட்டமன்றம் இருப்பதால், இங்கே அது மாநில ஜிஎஸ்டிதான். அதற்குத் தனியாகப் புதுச்சேரி சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் 2017 இருக்கிறது.

அதே பாலிசியை நிறுவனத்தின் சென்னை அலுவலகம் தன் 33 எண்ணில் வழங்கினால், பில்லில் ஒரே வரிதான் இருக்கும்: ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 18%, 4,320 ரூபாய். சிலர் இதைப் பார்த்துவிட்டு, வெளிமாநில வரி போட்டுவிட்டார்கள், கழிக்க முடியாது என்று நினைக்கிறார்கள். அது தவறு. பதிவு பெற்றவருக்குக் காப்பீட்டுச் சேவை எங்கே வழங்கப்பட்டது என்பதை, அவர் பதிவு பெற்ற இடமே தீர்மானிக்கும் என்கிறது சட்டம். எனவே, இந்த வரியும் புதுச்சேரி எண்ணுக்கே வந்து சேரும், முழுமையாகக் கழித்துக்கொள்ளலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிப் பகுதி ஒரே துண்டாக இருந்ததில்லை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோதும் அந்தத் திட்டுத்திட்டான எல்லை அப்படியே வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே போனால் கோட்டக்குப்பம் வரும். அது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் காலாப்பட்டு; அது மறுபடியும் புதுச்சேரி. மனிதர்களுக்கு இது ஒரே ஊர். ஜிஎஸ்டிக்கு அப்படி இல்லை. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள காரைக்காலிலோ, கேரளத்தின் நடுவே உள்ள மாஹேயிலோ கிளை திறந்தால் அதே 34 எண்ணில் சேர்த்துக்கொள்ளலாம். கோட்டக்குப்பத்தில் ஒரு கிடங்கு வைத்து அங்கிருந்தே சரக்கை விற்றால், தனியாக 33 எண் வாங்க வேண்டும்.

முத்தியால்பேட்டைக்குப் பக்கத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கோட்டக்குப்பத்தில் கிடங்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடைச் சரக்குக்கும் கிடங்குச் சரக்குக்கும் சேர்த்து ஒரே பாலிசி எடுப்பது வசதி, பிரீமியமும் குறையலாம். ஆனால், சட்டத்தின் கண்ணில் ஒரே முதலாளியின் 34 எண்ணும் 33 எண்ணும் இரண்டு தனித்தனி நபர்கள். 34 எண்ணுக்குப் போட்ட பில்லின் வரியை 33 எண்ணில் கழிக்க முடியாது. கிடங்குக்கு உரிய வரியையும் கடையின் எண்ணில் எடுத்துவிட்டு, பின்னர் தணிக்கையில் விளக்கம் சொல்லி நிற்பதைவிட, பாலிசி எடுக்கும்போதே இரண்டு எண்ணுக்கும் தனித்தனிப் பில் கேட்பது நல்லது.

வரவு காணாமல்போகும் இடம்

இன்புட் எடுக்க பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. 2022 ஜனவரி 1 முதல், பில் போட்டவர் தன் விற்பனை அறிக்கையில் அந்தப் பில்லை நம் ஜிஎஸ்டி எண்ணுக்கு நேராகக் காட்டியிருக்க வேண்டும். அது நம்முடைய ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்திருக்க வேண்டும். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவருக்கு அந்த அறிக்கை அடுத்த மாதம் 14ஆம் தேதி தயாராகிறது. அதில் இல்லாத வரியை எடுக்க முடியாது.

பிரீமியம் வரி அந்த அறிக்கையில் வராமல் போவதற்கு இங்கே இரண்டு காரணங்கள் அடிக்கடி தென்படுகின்றன. முதலாவது, முகவரி. முகவர் விண்ணப்பத்தை நிரப்பும்போது முதலாளியின் ஆதார் அட்டையைப் பார்த்து எழுதுகிறார். வீடு கோட்டக்குப்பத்தில். ஜிஎஸ்டி எண் கட்டம் காலி. சென்னை அலுவலகத்திலிருந்து பாலிசி வருகிறது. நிறுவனத்தின் பதிவேட்டில் இவர் தமிழ்நாட்டில் வசிக்கும், பதிவு பெறாத ஒரு தனிநபர். எனவே, பில்லில் தமிழ்நாட்டுக்கு உரிய மத்திய, மாநில ஜிஎஸ்டி அச்சாகிறது. மாநிலப் பங்கு தமிழ்நாட்டுக் கருவூலத்துக்குப் போய்விடுகிறது. நேரு வீதியில் இருக்கும் கடைக்கு அந்த இரண்டு வரியிலும் ஒரு ரூபாய்கூட வரவு கிடையாது.

இரண்டாவது காரணம் வங்கி. கடைச் சரக்கை அடமானமாகக் காட்டி கேஷ் கிரெடிட் கடன் வாங்கியிருந்தால், சரக்குக்குக் காப்பீடு இருந்தே ஆக வேண்டும். பாலிசி முடியும் நேரத்தில் கடைக்காரர் கவனிக்காவிட்டால், வங்கியே தன்னோடு ஒப்பந்தம் உள்ள நிறுவனத்தில் புதுப்பித்துவிட்டு, கடன் கணக்கில் பற்று எழுதிவிடுகிறது. கடைக்காரருக்குத் தெரிவது பாஸ் புத்தகத்தில் ஒரு வரி: 28,320. பாலிசி காகிதம் வங்கிக் கோப்பில் இருக்கிறது. அதில் வங்கியின் பெயரோடு கடையின் பெயரும் இருக்கும். ஜிஎஸ்டி எண் இருக்காது. கணக்கு எழுதும் பையன் பாஸ் புத்தகத்தைப் பார்த்து மொத்தத்தையும் ‘வங்கிக் கட்டணம்’ என்று பதிகிறான். வரி மட்டும் போகவில்லை; காப்பீட்டுக்கு எவ்வளவு செலவானது என்பதே கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது.

கண்டுபிடிப்பது கடினமே இல்லை. பாலிசியோடு வரும் ஷெட்யூல் காகிதமே பெரும்பாலும் வரிப் பில்லாகவும் இருக்கிறது. அதில் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண், நம் ஜிஎஸ்டி எண், சேவை வழங்கப்பட்ட இடம். நம் எண் 34இல் தொடங்கி, இடம் புதுச்சேரி என்று இருந்தால் பில் சரி. நம் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், எவ்வளவு அழகாக வரி பிரித்துக் காட்டியிருந்தாலும் அது நமக்குப் பயன்படாது. பிறகு, 2பி அறிக்கையில் அந்த மாதத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

தவறு என்று தெரிந்தால், நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கேட்டு, பாலிசியில் ஜிஎஸ்டி எண்ணும் முகவரியும் திருத்தி எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும். அவர்கள் தங்கள் அறிக்கையிலும் அந்தப் பில்லைத் திருத்த வேண்டும். இதற்குக் காலக்கெடு உண்டு. 2025-26 நிதியாண்டின் பில்லுக்கு 2026 நவம்பர் 30 வரை. அதற்கு முன்பே ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த நாள் வரை மட்டுமே. அதன் பிறகு வரவு எடுக்கும் உரிமை போய்விடும். ஆடிட்டர் செப்டம்பரில் கணக்கைப் பார்த்துக் கேட்கும்போது ஓடுவதற்குப் பதில், பாலிசி கைக்கு வந்த வாரத்திலேயே இதைச் செய்வது சுலபம்.

ஒரே பில், மூன்று கணக்கு

இனி கணக்குப் புத்தகம். நம் முதல் கடைக்காரரின் பாலிசி 2025 அக்டோபர் 1 முதல் 2026 செப்டம்பர் 30 வரை. பணம் கட்டிய நாளில் அவர் பேரேட்டில் 24,000 ரூபாயை இன்சூரன்ஸ் செலவில் பற்று வைக்கிறார். மத்திய ஜிஎஸ்டி 2,160, மாநில ஜிஎஸ்டி 2,160 இரண்டையும் உள்ளீட்டு வரிக் கணக்கில் பற்று வைக்கிறார். வங்கிக் கணக்கில் 28,320 வரவு. வரி செலவுக் கணக்குக்குள் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது அரசிடம் நமக்கு இருக்கும் பாக்கி. அந்த மாதமோ, அடுத்த மாதமோ விற்பனை வரியில் கழிந்துவிடும். வரியையும் செலவில் சேர்த்து எழுதிவிட்டு, அதே வரியை இன்புட்டாகவும் எடுத்தால், ஒரே பணத்துக்கு இரண்டு முறை பலன் கேட்டதாகிவிடும். வருமான வரி ஆய்வில் இது எளிதில் பிடிபடும்.

மார்ச் 31 அன்று இன்னொரு வேலை இருக்கிறது. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாட்கள். மீதி 183 நாட்களுக்கான பாதுகாப்பு அடுத்த ஆண்டுக்கு உரியது. 24,000 ரூபாயை 365ஆல் வகுத்து 182ஆல் பெருக்கினால் 11,967 ரூபாய். இந்த ஆண்டின் செலவு அவ்வளவுதான். மீதி 12,033 ரூபாயைச் செலவிலிருந்து எடுத்து, ‘முன்கூட்டிச் செலுத்திய இன்சூரன்ஸ்’ என்று சொத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஏப்ரல் 1 அன்று அதைத் திரும்பச் செலவுக்கு மாற்றினால், புதிய ஆண்டின் லாப நட்டக் கணக்கில் சரியாக உட்கார்ந்துவிடும். பணம் கொடுத்த அன்றே செலவு, வாங்கிய அன்றே வரவு என்ற ரொக்க முறையில் கணக்கு வைப்பவருக்கு இந்தப் பிரிப்பு தேவையில்லை. ஆனால், கடனுக்குக் கொடுத்தும் வாங்கியும் அதையெல்லாம் கணக்கில் காட்டும் கடைக்கு இது அவசியம்.

இது 12,000 ரூபாய் விஷயம்தானே என்று விடுபவர்கள் உண்டு. ஒரு வருடம் விட்டால் பெரிய பிசகு இல்லை. ஆனால், ஒரு வருடம் மார்ச் கடைசியில் பாலிசியைப் புதுப்பித்து முழுவதையும் செலவில் எழுதி, அடுத்த வருடம் ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போட்டால், ஒரு நிதியாண்டில் பிரீமியமே இல்லாதது போலவும், வேறோர் ஆண்டில் இரண்டு பிரீமியம் விழுந்தது போலவும் கணக்கு காட்டும். வங்கி மேலாளர் இரண்டு ஆண்டு இருப்புநிலைக் குறிப்பை வைத்து ஒப்பிடும்போது முதலில் கேட்பது இதுபோன்ற ஏற்ற இறக்கத்தைத்தான்.

எல்லாப் பிரீமியமும் கடைச் செலவு அல்ல. கடைக் கட்டடம், அறைகலன், சரக்கு ஆகியவற்றின் காப்பீட்டுப் பிரீமியத்தை வியாபாரச் செலவாக ஏற்பது வருமான வரிச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ளது. ஊழியர்களுக்கு எடுக்கும் மருத்துவக் காப்பீடும் செலவுதான், ரொக்கமாகக் கட்டாமல் இருந்தால். ஆனால், முதலாளியின் ஆயுள் காப்பீடும், அவருடைய குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் கடையின் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டப்பட்டாலும் அவை கடைச் செலவு ஆகாது. அவற்றை முதலாளியின் சொந்த எடுப்பில் எழுத வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் இந்தத் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி பூஜ்யம் என்று இருக்கும். ஊழியர்களுக்கான குழுப் பாலிசிக்கு 18% தொடர்கிறது. ஊழியர்களுக்கு அப்படிக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று ஏதேனும் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தினால் தவிர, அந்த வரிக்கு இன்புட் இல்லை. அது செலவோடு சேர்ந்துவிடும்.

வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். சரக்கு ஏற்றும் சிறிய வேன் என்றால் ஒரே பில்லில் இரண்டு விகிதங்களைப் பார்க்கலாம். வேனுக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியம் 9,000 ரூபாய் என்றால் அதற்கு 18%, அதாவது 1,620 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீடு 16,000 ரூபாய் என்றால், சரக்கு வண்டி என்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு 5% மட்டுமே, 800 ரூபாய். அதற்கு முன் 12% இருந்தது. இரண்டையும் கழித்துக்கொள்ளலாம். முதலாளி கடைக்கு வந்துபோகும் காருக்கோ, ஸ்கூட்டருக்கோ கட்டிய பிரீமிய வரியைக் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை, வண்டி கடையின் பெயரில் இருந்தாலும். புதுப்பித்த பிறகு பழைய விகிதத்தில் பில் வந்திருக்கிறதா என்று வேன் வைத்திருப்பவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வெள்ளம் வந்தால் திரும்பும் வரி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாழ்வான தெருக்களில் கடைகளுக்குள் தண்ணீர் நின்றது. இங்கே பிரீமிய வரியைவிடப் பெரிய வரி ஒன்று காத்திருக்கிறது.

5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள துணி நனைந்து வீணாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை வாங்கும்போது 5% வரி, 25,000 ரூபாய், கட்டி, அதை ஏற்கெனவே இன்புட்டாக எடுத்தாயிற்று. தொலைந்த, திருடுபோன, அழிந்த சரக்குக்கு வரி வரவு கிடையாது என்பது சட்டம். எனவே, அந்த 25,000 ரூபாயை அரசுக்குத் திருப்ப வேண்டும். காப்பீட்டுத் தொகையை வரி நீங்கிய கொள்முதல் விலையில் மட்டும் நிர்ணயித்திருந்தால், சர்வேயர் 5 லட்சத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் 25,000 ரூபாய் கைநஷ்டம்தான். இழப்பீடு கேட்கும்போது, வரி வரவைத் திருப்பியதற்கான ஆதாரத்தைக் காட்டி அதையும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்க முடிய வேண்டுமானால், பாலிசி எடுக்கும்போதே சரக்கு மதிப்பில் வரியையும் சேர்த்திருக்க வேண்டும். இதை முகவரிடம் வாய்வழியாகச் சொன்னால் போதாது. விண்ணப்பத்தில் எழுதிக் கேட்க வேண்டும். வரியும் சேர்த்துக் காப்பீட்டுத் தொகையை உயர்த்தினால் பிரீமியத்தில் கூடுவது சொற்பம். இந்த ஒரு விஷயத்தைப் பெரும்பாலான சிறு கடைகள் வெள்ளம் வடிந்த பிறகுதான் தெரிந்துகொள்கின்றன.

கழிக்க வழியில்லாதவர்கள்

இப்போது நேரு வீதியின் இரண்டாவது கடைக்கு வருவோம். அவர் பில்லில் எந்தத் தவறும் இல்லை. ஜிஎஸ்டி எண் சரியாக அச்சாகியிருக்கிறது. ஆனாலும், அவரால் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது, ஏனென்றால் அவர் இணக்கத் திட்டத்தில் இருக்கிறார். கடைத்தெருவில் காம்பவுண்டிங் என்பார்களே, அதுதான். விற்பனையில் 1% வரி கட்டிவிட்டு, இன்புட் உரிமையை விட்டுக்கொடுத்தவர். அவருக்கு 28,320 ரூபாயும் செலவு. மார்ச் 31 அன்று அவர் பிரிக்க வேண்டியதும் அந்த முழுத் தொகையைத்தான்: 14,121 ரூபாய் இந்த ஆண்டுக்கு, 14,199 ரூபாய் அடுத்த ஆண்டுக்கு.

இந்தத் திட்டத்தில் புதுச்சேரியின் மிகச் சிறிய கடைகளும் வந்து சேர்வதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் சரக்கு விற்பனைக்கான பதிவு வரம்பு நாட்டின் பெரும்பகுதியில் 40 லட்சமாக உயர்ந்தபோது, பழைய 20 லட்சத்திலேயே நின்ற சில பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று. 25 லட்சம் விற்பனை உள்ள மளிகைக் கடை கோட்டக்குப்பத்தில் இருந்தால் பதிவே வேண்டாம். முத்தியால்பேட்டையில் இருந்தால் பதிவு கட்டாயம். அந்த அளவுக் கடைக்காரர் மாதாந்திரக் கணக்குக்குப் பயந்து காம்பவுண்டிங்கில் சேர்வது இயல்பு. ஆனால், காப்பீடு என்று வரும்போது கோட்டக்குப்பத்துக் கடையும் முத்தியால்பேட்டைக் கடையும் ஒரே நிலைதான்: இருவருக்கும் 18% கைவிட்டுப் போகிறது.

உணவகங்களும் இதே வரிசையில் நிற்கின்றன. சாதாரண உணவகங்கள் 2017 நவம்பர் முதல் 5% வரி வாங்குகின்றன; இன்புட் எடுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22 அன்று தங்கும் விடுதிகளும் சேர்ந்துகொண்டன. 7,500 ரூபாய்க்கு மிகாத அறை வாடகைக்கு வரி 12%இலிருந்து 5% ஆனது. கூடவே இன்புட் உரிமை எடுக்கப்பட்டது. பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் பழைய வீட்டைப் புதுப்பித்து ஐந்தாறு அறைகளை வாடகைக்கு விடுபவர், அதற்கு முந்தைய நாள்வரை கட்டடப் பாலிசியின் வரியைக் கழித்துக்கொண்டிருந்தார். தனிநபரின் மருத்துவக் காப்பீட்டுக்கு வரி நீங்கிய அதே நாளில், கடலை ஒட்டிய அந்தக் கட்டடத்தின் புயல் காப்பீடு அவருக்கு விலை கூடிவிட்டது.

ஆக, 18% என்று எல்லாப் பில்லிலும் ஒரே மாதிரி அச்சாகும் வரி எல்லோருக்கும் ஒரே சுமை அல்ல. பெரிய ஜவுளிக் கடைக்கும் தொழிற்சாலைக்கும் அது சில வாரம் கைமாறிவிட்டுத் திரும்பும் பணம். சிறிய மளிகைக் கடைக்கும், மெஸ்ஸுக்கும், விடுதிக்கும் அது திரும்பாத பணம். வெள்ளத்தில் முதலில் மூழ்குபவர்களும் இவர்கள்தான். பாலிசியே வேண்டாம் என்று முதலில் விடுபவர்களும் இவர்களாகத்தான் இருக்க முடியும். இது நியாயமில்லை என்பதே என் கருத்து.

தனிநபர் பாலிசிகளைப் போல இவர்களுக்கும் வரியை முழுமையாக விலக்கிவிடலாமே என்று கேட்கலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு. வரிவிலக்குப் பெற்ற சேவையை விற்கும் நிறுவனம், தான் முகவர் கமிஷனுக்கும் அலுவலக வாடகைக்கும் மென்பொருளுக்கும் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. அந்தச் சுமை அடிப்படைப் பிரீமியத்தில் ஏறி வரும் வாய்ப்பு இருக்கிறது. சரக்கு வண்டிகளின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்குச் செய்ததே நல்ல வழி: 5% வரி, நிறுவனத்துக்கு இன்புட் உரிமை தொடரும். யாருக்குக் கொடுப்பது என்று அடையாளம் காண்பதிலும் சிரமமில்லை. 2021 ஏப்ரல் 1 முதல், 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. அந்தப் பாலிசிக்கு மட்டும் 5% என்று அறிவித்தால் போதும். நம் உதாரணத்தின் இரண்டாவது கடைக்காரர் 4,320 ரூபாய்க்குப் பதில் 1,200 ரூபாய் கட்டுவார்.

ஜிஎஸ்டி கவுன்சிலில் சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பிரதேசம் என்ற முறையில் புதுச்சேரிக்கும் இடமும் வாக்கும் உண்டு. பதிவு வரம்பைத் தன் வியாபாரிகளுக்கு 20 லட்சத்திலேயே நிறுத்திக்கொண்ட அரசு, அவர்களுக்காக இந்த ஒரு கோரிக்கையை அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும். வணிகர் சங்கங்கள் அதை எழுத்தில் கேட்க வேண்டும். அதுவரை, பாலிசி புதுப்பிக்கும் நாளில் முகவரிடம் ஜிஎஸ்டி எண்ணையும் கடை முகவரியையும் எழுதிக் கொடுங்கள். வங்கி கட்டியிருந்தால் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.